சின்ன ரோடுக்கு பேஸ்லைன் எக்காலஜி சாப்டர்: பட்டியல் மட்டும் போதாது

வாசகர் கேள்வி: "வணக்கம் மேடம். சிவில் முடிச்சுட்டு ஒரு கன்சல்டன்சில ரெண்டு வருஷமா இருக்கேன். திண்டுக்கல் பக்கம் 11 கிலோமீட்டர் மாவட்ட ரோடு ஒண்ணு, இப்ப அஞ்சரை மீட்டர் அகலம், அதை ரெண்டு லேன் ஆக்கி பேவ்டு ஷோல்டரும் போடப்போறாங்க. ஒரு பக்கம் கொஞ்ச தூரம் ரிசர்வ் ஃபாரஸ்ட் வருது, வழியில ஒரு குளமும் ரெண்டு ஓடையும் இருக்கு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ரிப்போர்ட்டுல, அதான் ஈஐஏல, வேலைக்கு முன்னாடி அங்க என்னென்ன உயிரினம் இருக்குன்னு சொல்ற பேஸ்லைன் எக்காலஜி சாப்டரை என்கிட்ட கொடுத்துட்டாங்க. பழைய ரிப்போர்ட் ஒண்ணைக் காட்டி இதே மாதிரி எழுதுன்னு சொல்றாங்க, அதுல பறவை, மரம்னு நாலு பக்கத்துக்கு பட்டியல் மட்டும்தான் இருக்கு. உண்மையிலயே இதுல என்னதான் இருக்கணும்? ஆகஸ்ட் கடைசிக்குள்ள ரிப்போர்ட் போகணும்."

வணக்கம் தம்பி. அந்தப் பழைய ரிப்போர்ட்டை மூடி வச்சிருங்க. அதுல இருக்கிற பட்டியல் தப்பா சரியான்றது அப்புறம், முதல்ல அந்தப் பட்டியலை வச்சு டிசைன் இன்ஜினியரால ஒரு முடிவாவது எடுக்க முடியுமான்னு பாருங்க. "மயில், கீரி, நாரை, புளி, வேம்பு காணப்பட்டன"ன்னு எழுதிட்டா அவர் எந்த மரத்தை விட்டுட்டு ரோட்டை எந்தப் பக்கம் தள்ளுவாரு, எந்த பாலத்தைப் பெருசாக்குவாரு? ஒண்ணும் தெரியாது. அவருக்கு வேண்டியது எந்த செயினேஜ்ல, அதாவது ரோட்டோட தொடக்கத்துல இருந்து எத்தனாவது மீட்டர்ல, எந்தப் பக்கம், ரோட்டுல இருந்து எத்தனை மீட்டர்ல, என்ன இருக்குன்றதுதான். இதை மனசுல வச்சுக்கிட்டா சாப்டர்ல எது வேணும் எது வேண்டாம்னு பாதிக்கு மேல தானா தெளிவாயிரும்.

முதல்ல எல்லை. பத்து கிலோமீட்டர் ரேடியஸ்னு ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் எழுதுற பழக்கம் ஃபேக்டரி, சுரங்கம் மாதிரி ஒரே இடத்துல நிக்கிற ப்ராஜெக்ட்ல இருந்து வந்தது. ரோடு ஒரு கோடு. அதனால நான் மூணு பட்டையா பிரிச்சுக்குவேன். ரோடோட ஆர்.ஓ.டபிள்யூ., அதாவது ரோட்டுக்குன்னு ஒதுக்குன நிலம், அதுக்குள்ள இருக்கிறதை ஒண்ணு விடாம எண்ணணும், ரெண்டு பக்கமும் 500 மீட்டர் வரைக்கும் நடந்து சாம்பிள் எடுக்கணும், அதுக்கு அந்தப்பக்கம் பத்து கிலோமீட்டர் வரைக்கும் மேப்ல பார்த்தா போதும், சரணாலயம் இருக்கா, காப்புக்காடு இருக்கா, பெரிய குளம் இருக்கான்னு. நீங்க திண்டுக்கல் பக்கம்னு சொன்னதால சொல்றேன், கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022ல அறிவிச்சாங்க, கரூர் திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் வருது, அதோட எல்லையில இருந்து உங்க ரோடு எவ்ளோ தூரம்னு நேர்க்கோட்டுல அளந்து எழுதுங்க. பஸ்ஸுல போற தூரத்தை எழுதக்கூடாது, இந்தத் தப்பை நான் நிறைய பார்த்திருக்கேன்.

எல்லைன்னு சொன்னதும் எல்லாரும் ரோட்டை மட்டும் பார்ப்பாங்க. கிராவல் மண்ணு எங்க இருந்து எடுக்கப்போறாங்க, ஹாட் மிக்ஸ் பிளான்ட் எங்க, லேபர் கேம்ப் எங்க, தண்ணி எந்தக் குளத்துல இருந்து எடுப்பாங்க, இதெல்லாமும் ப்ராஜெக்ட்தான். சில சமயம் 11 கிலோமீட்டர் ரோட்டை விட மண்ணு எடுக்கிற அந்த ஒரு குளத்தோட கரையில நடக்கிற சேதம் அதிகமா இருக்கும். இடம் இன்னும் முடிவாகலைன்னா, "முடிவாகலை, முடிவானதும் அந்த இடத்துக்கு இதே முறையில சர்வே செய்யப்படும்"னு எழுதி வைங்க, வெறுமனே விட்றாதீங்க.

அடுத்தது செயினேஜ். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ரிப்போர்ட்டையே கவுத்துரும். ரோட்டோரத்துல இருக்கிற கிலோமீட்டர் கல்லுல 23ன்னு இருக்கும், டிசைன் டிராயிங்ல அதே இடம் 4+200ன்னு, அதாவது நாலு கிலோமீட்டர் 200 மீட்டர்னு இருக்கும். ஃபீல்டுக்குப் போனவங்க கல்லைப் பார்த்து எழுதியிருப்பாங்க, டிராயிங் போடுறவரு அவரோட நம்பரை நினைச்சுக்குவாரு, கடைசில ஒரு ஆலமரம் முக்கால் கிலோமீட்டர் தள்ளி நிக்கும். முத நாள் போகும்போதே ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல போட்டு ஒரு டேபிள் பண்ணிக்குங்க, அதை அனெக்ஸ்ல வைங்க. அதே மாதிரி இடது பக்கம் வலது பக்கம்ன்றது செயினேஜ் ஏறுற திசையில நின்னு பார்க்கும்போதுதான். காலைல ஒரு பக்கமா நடந்து மதியம் திரும்பி வரும்போது ஆளுங்க கையைக் காட்டுற பக்கம் மாறிரும், நானே ஆரம்பத்துல ஒரு முழு நாள் ஷீட்டை இப்படி மாத்தி எழுதிட்டு மறுபடி போய் நடந்திருக்கேன்.

இப்ப மரம். ஆர்.ஓ.டபிள்யூ.க்குள்ள இருக்கிற ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வரி. நம்ம ஹைவேஸ்ல புளிய மரத்துக்கு ஏற்கனவே பெயின்ட்ல நம்பர் போட்டிருப்பாங்க, வருஷா வருஷம் புளி ஏலம் விடுறதுக்காக. அந்த நம்பரையும் எழுதிக்குங்க, பின்னாடி யாராவது மரம் விட்டுப்போச்சுன்னு சொன்னா சரி பார்க்க உதவும். மரத்தோட பேரு, செயினேஜ், எந்தப் பக்கம், தரையில இருந்து 1.37 மீட்டர் உயரத்துல சுத்தளவு, அப்புறம் ரோட்டோட நடுக்கோட்டுல இருந்து மரத்தோட ரோட்டுப் பக்கத்து விளிம்பு வரைக்கும் எவ்ளோ தூரம். இந்தக் கடைசி அளவைத்தான் பெரும்பாலும் எடுக்கவே மாட்டாங்க, ஆனா அதுலதான் மொத்த விஷயமும் இருக்கு.

ஏன்னு சொல்றேன். உங்க ரோட்டுக்கு ஷோல்டர் எல்லாம் சேர்த்து மொத்த அகலம் 12 மீட்டர்னு வச்சுக்குவோம், நடுக்கோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் ஆறு ஆறு மீட்டர். அஞ்சு மீட்டர்ல நிக்கிற மரம் போயிரும், ஆறரை மீட்டர்ல நிக்கிறது வடிகால் வெட்டும்போது வேர் அடிபடும், எட்டு மீட்டர்ல நிக்கிறது தப்பிச்சுரும். ஒரு ஸ்ட்ரெச்ல இடது பக்க வரிசை நாலரை மீட்டர்ல, வலது பக்க வரிசை ஏழு மீட்டர்ல நிக்குதுன்னு உங்க டேபிள் காட்டுனா, நடுக்கோட்டை ஒன்றரை ரெண்டு மீட்டர் தள்ளி ஒரே பக்கமா அகலப்படுத்துனா ஒரு வரிசை முழுசா மிஞ்சும்னு இன்ஜினியருக்குத் தெரியும். அந்த அளவு இல்லேன்னா அவரு ரெண்டு பக்கமும் சமமா இழுத்துருவாரு, ரெண்டு வரிசையும் போயிரும். உங்க டேபிளோட அந்த ஒரு நெடுவரிசைதான் அந்த மரங்களுக்கு இருக்கிற ஒரே வாய்ப்பு தம்பி, அதனால டேப்பைப் பிடிச்சு அளங்க, கண்ணால பார்த்து "சுமார்"னு போடாதீங்க.

ஆலமரத்துக்கும் பழைய புளிக்கும் அடியில பொடைச்சுக்கிட்டு இருக்கும், அங்க 1.37ல அளந்தா தப்பா வரும், பொடைப்புக்கு மேல அளந்து எந்த உயரத்துல அளந்தீங்கன்னு எழுதுங்க. பொந்து இருக்கா, கூடு இருக்கா, அதுல இப்ப ஏதாவது குடியிருக்கான்னு டேபிள்ல இன்னொரு நெடுவரிசை வைங்க. பொந்து உள்ள பழைய மரத்துக்குப் பதிலா பத்து கன்னு நட்டாலும் அந்தப் பொந்து வர்றதுக்கு ஐம்பது அறுபது வருஷம் ஆகலாம், ஆந்தையும் கிளியும் அவ்ளோ நாள் காத்துக்கிட்டு இருக்காது. ரெண்டு பேர் சேர்ந்து போனா ஒரு நாளைக்கு நூறு நூத்தம்பது மரம் ஒழுங்கா பண்ணலாம், அதுக்கு மேல பண்ணுனோம்னு யாராவது சொன்னா எனக்கு சந்தேகம்தான்.

இங்க ஒண்ணு சொல்லிக்கிறேன். வரிசையா நட்ட புளிய மரத்துக்கு, ஒரு இடத்துல உயிர் வகை எவ்ளோ கலந்து இருக்குன்னு சொல்ற ஷானன் இண்டெக்ஸ் கணக்கு போட்டு 1.8, 2.1னு ரெண்டு பக்கம் நிரப்புறாங்க. யாரோ நட்ட வரிசைக்கு அந்த நம்பர் எதையும் சொல்லாது. குவாட்ரட்னு சதுரம் போட்டு அதுக்குள்ள எண்ணுறதா இருந்தா காட்டுப்பக்கமும் புதர்ப்பக்கமும் போடுங்க, அங்க அர்த்தம் இருக்கு. குளத்துக் கரையில சீமைக்கருவேலம் அடர்ந்து கிடந்தா சாட்டிலைட் மேப்ல நல்ல பச்சையா தெரியும், அதை காடுன்னு எழுதிறாதீங்க, சீமைக்கருவேலம்னே எழுதுங்க, அது எந்த செயினேஜ்ல இருந்து எது வரைக்கும்னும் எழுதுங்க, ஏன்னா அந்த மண்ணை அள்ளி வேற இடத்துல கொட்டுனா விதையும் கூடவே போகும்.

இப்ப உங்க ரோட்டுல முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், தேவாங்கு. காட்டுப்பக்கமும் எதிர்ப்பக்கத்துல புளியந்தோப்போ மாந்தோப்போ இருந்து, நடுவுல ரோட்டுக்கு மேல ரெண்டு வரிசை மரமும் கூடாரம் மாதிரி சேர்ந்திருந்தா, அது தேவாங்குக்கு ஒரு பாலம். தேவாங்கு குரங்கு மாதிரி தாவாது, ஒரு கிளையைப் பிடிச்சுக்கிட்டே கையை நீட்டி அடுத்த கிளையைப் பிடிச்சு மெதுவா மாறும். அதோட உடம்பே ஒரு சாணுக்கு கொஞ்சம் கூடத்தான். அதனால ரெண்டு மரத்துக்கு நடுவுல இலை நுனி தொட்டுக்கிட்டு இருந்தா பத்தாது, எடை தாங்குற கிளை கிட்டக்க வரணும். அந்தப் பாலம் அறுந்துட்டா அது தரையில இறங்கி நடந்துதான் ரோட்டைத் தாண்டணும், அந்த வேகத்துல லாரிக்கு முன்னாடி என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

அதனால மரப் பட்டியல்ல இன்னொரு நெடுவரிசை, மேல கிளை எதிர் வரிசையோட சேருதா இல்லையான்னு. நடு ரோட்டுல நின்னு (ஒருத்தரை ரெண்டு பக்கமும் வண்டி பார்க்கச் சொல்லிட்டு) நேரா மேல பாருங்க. சேருதுன்னா "சேருது", இல்லைன்னா நடுவுல எத்தனை மீட்டர் இடைவெளின்னு எழுதுங்க. அப்புறம் இதை செயினேஜ் வாரியா சேர்த்தா, உதாரணத்துக்கு 4+200ல இருந்து 5+100 வரைக்கும் தொள்ளாயிரம் மீட்டர்ல மேல சேர்ற இடம் ஆறு, அந்த ஆறு இடத்துலயும் எந்தெந்த நம்பர் மரம்னு கிடைக்கும். அந்தப் பன்னண்டு மரத்துல எதை விட்டா பாலம் மிஞ்சும்னு பேச அப்பதான் வழி கிடைக்கும்.

தேவாங்கு இருக்கான்னு பார்க்க ராத்திரி நடக்கணும். ஏழு மணிக்கு மேல, தலையில லைட்டைக் கட்டி அதுல சிவப்பு பேப்பர் ஒட்டிக்கிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர்ன்ற வேகத்துல. கண்ணு ரெண்டும் முன்னாடி பார்த்த மாதிரி கிட்டக்கிட்ட இருந்து, ஆரஞ்சு கலந்த பளபளப்போட, மெதுவா நகர்ந்தா அதுவா இருக்கலாம். தரை ஓரமா ஒத்தைக் கண்ணு மின்னுனா பெரும்பாலும் பக்கின்ற ராத்திரிப் பறவை, தரையில உட்கார்ந்திருக்கும். கண்ணு மின்னுனதை மட்டும் வச்சு எழுதாதீங்க, பைனாகுலர்ல உடம்பைப் பார்த்துட்டு எழுதுங்க. காப்புக்காட்டுக்குள்ள காலை வைக்கணும்னா வனத்துறை அனுமதி முன்னாடியே வாங்குங்க, ரோட்டுல நடக்கிறதுக்கும் பக்கத்து ஸ்டேஷன்லயும் ரேஞ்ச் ஆபீஸ்லயும் சொல்லி வைங்க, ராத்திரில லைட்டோட மரத்தைப் பார்த்துக்கிட்டு நடந்தா ஊர்க்காரங்க வந்து கேக்கத்தான் செய்வாங்க. எதையும் பிடிக்கக் கூடாது, அதுக்குத் தனி அனுமதி வேணும், உங்க வேலைக்கு அது தேவையும் இல்ல.

இப்ப கவனமா படிங்க, இதுதான் பாதி ரிப்போர்ட்ல தப்பா இருக்கிற இடம். நாலு ராத்திரி நடந்தீங்க, ஒண்ணுமே தட்டுப்படலை. "தேவாங்கு இல்லை"ன்னு எழுதலாமா? கூடாது. இருக்கிற இடத்துலயே ஒரு ராத்திரி நடந்தா கண்ணுல படுற வாய்ப்பு பத்துக்கு மூணுன்னு வச்சுக்குவோம், அப்ப படாம போற வாய்ப்பு பத்துக்கு ஏழு. நாலு ராத்திரியும் தொடர்ந்து படாம போற வாய்ப்பு 0.7ஐ நாலு தடவை பெருக்குனா 0.24. அதாவது அங்க தேவாங்கு இருந்தாலும் நாலுல ஒரு தடவை உங்க கண்ணுல படாமலே சர்வே முடிஞ்சிரும். இந்த வாய்ப்பை அஞ்சு சதவீதத்துக்குக் கீழ கொண்டு வரணும்னா ஒம்பது ராத்திரி வேணும் (0.7ஐ ஒம்பது தடவை பெருக்குனா 0.04). பத்துக்கு மூணுன்றது நான் உதாரணத்துக்கு எடுத்தது, உங்க இடத்துல தேவாங்கு இருக்குன்னு உறுதியா தெரிஞ்ச ஒரு பக்கத்துக் காட்டுல ரெண்டு மூணு ராத்திரி நடந்து பார்த்தா உங்களுக்கே ஒரு கணக்கு கிடைக்கும், அதை எடுத்துக்குங்க. பதினொரு கிலோமீட்டரும் ஒம்பது ராத்திரி நடக்க முடியாது, நடக்கவும் வேண்டாம், காடும் தோப்பும் எதிரெதிரா இருக்கிற அந்த ரெண்டு மூணு கிலோமீட்டர்ல நடங்க, மிச்சத்துல ஒரு தடவை போதும்.

இதுக்காகத்தான் சாப்டர்ல எவ்ளோ உழைச்சீங்கன்ற கணக்கு இருக்கணும்னு அடிச்சுச் சொல்றேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர், மழையா வெயிலா, நிலா இருந்துச்சா. பறவைக்கும் அப்படித்தான், காலைல ஆறுல இருந்து ஒம்பதுக்குள்ள, 500 மீட்டருக்கு ஒரு இடம்னு நின்னு பத்து நிமிஷம் எண்ணுனீங்கன்னா அதை அப்படியே எழுதுங்க. இந்தக் கணக்கு இல்லாம "தென்படவில்லை"ன்னு ஒரு வார்த்தை எழுதுனா அதுக்கு மதிப்பே கிடையாது, படிக்கிறவங்க ஒரு நாள் போனீங்களா ஒரு மாசம் இருந்தீங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்குவாங்க?

ஆடு மேய்க்கிறவங்க, தோப்புக் காவல் இருக்கிறவங்க, புளி ஏலம் எடுத்தவங்க, இவங்ககிட்ட கேளுங்க, உங்களை விட அவங்க ராத்திரி அதிகமா அங்க இருந்திருக்காங்க. ஆனா "இங்க தேவாங்கு இருக்குல்லண்ணே?"ன்னு கேட்டா "இருக்கு தம்பி"ன்னுதான் சொல்வாங்க, உங்க மனசு நோகக் கூடாதுன்னு. பத்து பன்னண்டு போட்டோ கொண்டு போங்க, அதுல அந்த ஊர்ல இருக்கவே வாய்ப்பில்லாத ரெண்டு மிருகத்தையும் கலந்து வைங்க, சிங்கவால் குரங்கு ஒண்ணு போதும், அது மழைக்காட்டுல இருக்கிறது. பேரைச் சொல்லாம எதை எங்க எப்ப பார்த்தீங்கன்னு கேளுங்க. சிங்கவால் குரங்கையும் பார்த்தேன்னு சொல்றவரோட மத்த பதிலை கொஞ்சம் தள்ளி வைங்க. முன்னாடி ஒரு கம்பெனியோட ரிப்போர்ட்டை பரிசீலனைக்கு என்கிட்ட அனுப்பியிருந்தாங்க, சமவெளி ரோட்டுக்கு, அதுல சிங்கவால் குரங்கு "காணப்பட்டது"ன்னே இருந்துச்சு, ஏதோ மலை ப்ராஜெக்ட்ல இருந்து டேபிளோட அப்படியே வந்திருக்கு. அதுக்கப்புறம் அந்த ரிப்போர்ட்ல சரியா இருந்த விஷயத்தையும் என்னால நம்ப முடியலை. அதனால பட்டியல்ல ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல நேர்ல பார்த்ததா, தடமோ எச்சமோ பார்த்ததா, ஊர்க்காரங்க சொன்னதா, வனத்துறை வொர்க்கிங் பிளான்லயோ இ-பேர்ட் பறவைத் தளத்துலயோ இருந்து எடுத்ததான்னு ஒரு எழுத்தாவது போடுங்க.

சட்டப் பட்டியல் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஐ 2022ல திருத்துனாங்க, முன்னாடி ஆறு இருந்த ஷெட்யூல் இப்ப நாலுதான், முதல் ரெண்டு மிருகங்களுக்கு, மூணாவது செடி கொடிகளுக்கு. உங்க பழைய ரிப்போர்ட்ல ஏதாவது மிருகத்துக்குப் பக்கத்துல ஷெட்யூல் அஞ்சுன்னோ, செடிக்குப் பக்கத்துல ஆறுன்னோ போட்டிருந்தா அது பழசு, ஒவ்வொண்ணையும் புதுப் பட்டியல்ல தேடிப் பார்த்து மாத்துங்க.

இனி தண்ணி. ஒரு பருவத்து டேட்டா போதும், அது மழைக்காலமா இருக்கக் கூடாதுன்ற வழக்கம் இருக்கே, காத்துல தூசி எவ்ளோன்னு அளக்கிறதுக்கு அது சரி, மழை பெஞ்சா தூசி அடங்கிரும். ஆனா தவளைக்கு அது நேர் எதிரு. அதோட, நாட்டுக்குப் பொதுவா மழைக்காலம்னு சொல்ற ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் திண்டுக்கல் பக்கம் ஓடை பெரும்பாலும் காஞ்சு கிடக்கும், நமக்கு மழையே அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவத்துலதான். நீங்க ஜூலைல போய் நின்னா ரெண்டு ஓடையும் வெறும் மணலா இருக்கும், "நீர்வாழ் உயிரினம் எதுவும் இல்லை"ன்னு எழுதிட்டு வந்துருவீங்க. அக்டோபர்ல முதல் பெரிய மழை பெஞ்ச ராத்திரி அதே இடத்துக்குப் போனா, குண்டுத் தவளை ஆணெல்லாம் பளிச்சுன்னு மஞ்சளா மாறி ஓடையில கத்திக்கிட்டு இருக்கும், காட்டுப்பக்கத்துல இருந்து குளத்துக்கு ரோட்டைத் தாண்டி வந்துக்கிட்டே இருக்கும். மறுநாள் காலைல பத்து மணிக்குப் போனா நசுங்கினதைக்கூட காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும், ஒண்ணும் நடக்காத ரோடு மாதிரி இருக்கும்.

உங்க ரிப்போர்ட் ஆகஸ்ட்ல போகணும்னா இதை இப்ப பார்க்க முடியாது, சரி. அப்ப ரெண்டு விஷயம் பண்ணுங்க. காஞ்ச காலத்துலயே தெரியறதை எடுங்க: ஒவ்வொரு பாலத்துக்கும், குழாய்க்கும் ஒரு ஷீட், செயினேஜ், வாய் எவ்ளோ அகலம் உயரம், உள்ள மண்ணு அடைச்சிருக்கா, ரெண்டு முனையிலயும் தடம் இருக்கா. சாயங்காலம் குழாய் வாய்ல ஈர மணலை ஒரு அடி அகலத்துக்கு விரிச்சு சமமா தடவிட்டு வந்துருங்க, காலைல போய்ப் பாருங்க, கீரியோ நரியோ முயலோ உள்ள போயிருந்தா காலைப் பதிச்சிருக்கும். மூணு நாலு ராத்திரி இப்படி வச்சா எந்தக் குழாய் வழியா போக்குவரத்து இருக்குன்னு தெரிஞ்சிரும். ரோட்டுல அடிபட்டதை எண்ணுறதும் விடியக்காலைல, முதல் பஸ்ஸுக்கு முன்னாடி, நடந்தோ சைக்கிள்லயோ. வண்டியில போனா பாம்புக் குட்டியும் தவளையும் தெரியாது.

ரெண்டாவது, அக்டோபர் நவம்பர்ல முதல் மழைக்கு அப்புறம் மூணு நாலு ராத்திரி கூடுதல் சர்வே செய்யப்படும், அது முடிஞ்சு பாலத்தோட டிசைன் சரி பார்த்த பிறகுதான் அந்த ரெண்டு ஓடையிலயும் வேலை ஆரம்பிக்கும்னு எழுதி, அதை மேனேஜ்மென்ட் பிளான்லயும் பட்ஜெட்லயும் ஏத்திருங்க. "வரம்புகள்"னு ஒரு தலைப்பு போட்டு, எந்தப் பருவத்துல பார்க்கலை, அதனால எது விட்டுப்போயிருக்கலாம்னு வெளிப்படையா எழுதுங்க. உங்க மேனேஜர் இதை எடுக்கச் சொன்னா, எடுத்துட்டு பின்னாடி ஹியரிங்ல ஊர்க்காரர் ஒருத்தர் தவளை வீடியோவைக் காட்டுனா யார் பதில் சொல்றதுன்னு கேளுங்க. குளத்துக்கு நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் வெளிநாட்டுப் பறவை வரும், அதுக்கும் இதே பயணத்துல ஒரு காலை ஒதுக்கிக்குங்க.

எழுதும்போது எப்படி இருக்கணும்னு ஒரு பத்தி காட்றேன், இந்த மாதிரி: "செ. 4+200 முதல் 5+100 வரை வலப்பக்கம் காப்புக்காட்டின் முட்புதர், இடப்பக்கம் புளியந்தோப்பு. ஆர்.ஓ.டபிள்யூ.க்குள் 64 மரங்கள், இதில் 51 புளி. இடது வரிசை நடுக்கோட்டிலிருந்து 4.3 முதல் 5.1 மீட்டரிலும் வலது வரிசை 6.8 முதல் 7.6 மீட்டரிலும் உள்ளன. ஆறு இடங்களில் கிளைகள் ரோட்டுக்கு மேல் சேர்கின்றன. ஒன்பது இரவுகளில் இரண்டு முறை தேவாங்கு நேரில் பார்க்கப்பட்டது. 4+650ல் உள்ள குழாயில் நான்கில் மூன்று இரவு கீரித் தடம்." நம்பர் எல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்டது. ஆனா இதைப் படிச்ச இன்ஜினியருக்கு இந்தத் தொள்ளாயிரம் மீட்டர்ல இடது பக்கம் மட்டும் அகலப்படுத்தணும், குழாயைப் பெருசாக்கணும்னு நீங்க சொல்லாமலே தோணும். பாருங்க, இதுல "பாதிப்பு இருக்காது", "பாதிப்பு குறைவு"ன்னு ஒரு வார்த்தை கிடையாது. பேஸ்லைன்ல அதைச் சொல்லவே கூடாது, அதுக்கு அடுத்த சாப்டர் இருக்கு. இந்த மாதிரி ஸ்ட்ரெச் ஸ்ட்ரெச்சா எழுதிட்டு, சாப்டர் கடைசில முக்கியமான இடம் எல்லாத்தையும் செயினேஜ் வரிசையில ஒரே டேபிள்ல போடுங்க, கூடவே மேப்லயும் அதே நம்பரைக் குறிங்க. அடுத்த சாப்டர் எழுதுறவங்க அந்த டேபிளோட ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லியாகணும். உங்க ரோட்டுல பெரும்பாலான தூரம் வயலும் வீடுமாத்தான் இருக்கும், அதுக்கு அரைப் பக்கம் போதும், காடு வர்ற இடத்துக்கும் ஓடைக்கும் குளத்துக்கும் பக்கத்தைச் செலவழிங்க.

கடைசியா ஒண்ணு, மறந்துறாதீங்க. மேல காட்டுன பத்தியில தேவாங்கைப் பார்த்ததுக்கு செயினேஜ் இருக்கில்ல, பொதுமக்களுக்குப் போற ரிப்போர்ட்ல அதை அப்படியே விடக் கூடாது. மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும்னு தேவாங்கைப் பிடிக்கிறவங்க இன்னும் இருக்காங்க, அவங்களுக்கு நாமளே மேப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிரும். பொது ரிப்போர்ட்ல "காப்புக்காட்டை ஒட்டிய பகுதி"ன்னு மட்டும் எழுதிட்டு, சரியான இடத்தையும் ஜிபிஎஸ் பாயின்ட்டையும் தனி அனெக்ஸா போட்டு வனத்துறைக்கும் டிசைன் டீமுக்கும் மட்டும் கொடுங்க. போட்டோவை அனுப்புறதுக்கு முன்னாடி அதுக்குள்ள லொகேஷன் ஒட்டிக்கிட்டு இருக்கான்னும் பாருங்க, போன்ல எடுத்ததுன்னா பெரும்பாலும் இருக்கும்.